"பணிகள் திருப்திகரமாக நடைபெற்று வருகின்றன": இந்த அறிக்கையை எப்படித் திருத்தி எழுதுவது?

தளப்பொறியாளன் | பிப்ரவரி 1, இரவு 9.10

திருச்சி மாவட்டத்தில் ஒரு கல்லூரிக்கு மாணவியர் விடுதி கட்டிக்கொண்டிருக்கிறோம். தரைத்தளமும் மேலே மூன்று தளங்களும். நான் ஒப்பந்த நிறுவனத்தின் பக்கம் இருப்பவன். திட்டமிடலும் மாத அறிக்கையும் என் பொறுப்பு. கல்லூரியை நடத்தும் அறக்கட்டளைக்கு ஜனவரி அறிக்கை போக வேண்டும். அலுவலகத்தில் தயாராகியுள்ள வரைவு இது:

> விடுதிக் கட்டடப் பணிகள் திருப்திகரமாக நடைபெற்று வருகின்றன. ஒட்டுமொத்தப் பணியில் 68% நிறைவடைந்துள்ளது. பருவமழை காரணமாகச் சிறு தாமதம் ஏற்பட்டது. அதை ஈடுகட்டத் தேவையான நடவடிக்கைகள் எடுக்கப்பட்டு வருகின்றன. மின் இணைப்புக்கான முயற்சிகள் நடைபெறுகின்றன. குறித்த காலத்தில் பணியை முடிக்க அனைத்து முயற்சிகளும் மேற்கொள்ளப்படும்.

இதில் பொய் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. ஆனால் நிலவரம் வேறு. மூன்றாம் தளத்தின் கூரைக் கான்கிரீட் டிசம்பர் 12 அன்று போட்டிருக்க வேண்டும். ஜனவரி 9 அன்றுதான் போட்டோம். 28 நாள் தாமதம். அதில் மழையால் வேலை நின்றது 11 நாள். மீதி 17 நாள், இரண்டு சென்டரிங் குழுக்களில் ஒன்றை எங்கள் நிறுவனமே வேறு தளத்துக்கு அனுப்பியதால் வந்தது.

மின்மாற்றிக்கான விலைப்புள்ளியை நவம்பர் 20 அன்று அறக்கட்டளையிடம் கொடுத்தோம். எந்தத் தயாரிப்பு என்று அவர்கள் இன்னும் முடிவு சொல்லவில்லை. ஒப்படைப்புத் தேதி மே 31. மாணவியர் ஜூன் 15 அன்று வருகிறார்கள்.

மேலாளர் "எழுதிவிட்டால் நாளைக்கு அதுவே நம் கழுத்துக்கு வரும்" என்கிறார். அவர் பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் இந்த வரைவில் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. எப்படி எழுதலாம்?

---

மணல்மேடு | பிப்ரவரி 1, இரவு 9.48

தம்பி, உங்களுக்குத் தேவை கால நீட்டிப்புக் கடிதம். "எங்கள் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணங்களால்" என்று தொடங்கி, மழை நாட்களுக்கு வானிலை மையத்தின் பதிவை இணைத்து, 28 நாள் நீட்டிப்புக் கேளுங்கள். என்னிடம் மாதிரி இருக்கிறது. முப்பது ஆண்டுகளாக அதே மாதிரிதான், பெயரை மட்டும் மாற்றுவேன்.

---

தளப்பொறியாளன் | பிப்ரவரி 1, இரவு 10.02

நன்றி ஐயா. ஆனால் நான் கேட்பது கடிதம் பற்றியல்ல, மாத அறிக்கை பற்றி. மேலும் அந்த 17 நாள் எங்கள் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டதும் அல்ல.

---

காவிரிக்கரை | பிப்ரவரி 2, காலை 6.30

நான் இருபது ஆண்டுகளுக்கு மேல் திட்டமிடல் பிரிவில் இருந்தவள். எப்படி எழுதுவது என்பதற்கு முன் ஒரு கேள்வி: அந்த 68% எதில் 68%?

என் ஊகம், இதுவரை போட்ட பில் தொகையை ஒப்பந்தத் தொகையால் வகுத்திருப்பீர்கள். கட்டடத்தில் பணம் பெரும்பாலும் அஸ்திவாரத்திலும் தூணிலும் தளத்திலும் இருக்கிறது. அது முடிந்ததும் சதவீதம் மளமளவென்று ஏறிவிடும். அதற்குப் பிறகு வருபவை குழாய், மின்கம்பி, ஓடு, கதவு, வண்ணம், தீத்தடுப்பு, மின்மாற்றி. பணத்தில் சிறியவை; நாட்களை விழுங்குபவை. ஒருவர் வேலை முடியாமல் அடுத்தவர் உள்ளே நுழைய முடியாது. ஆகவே 68% என்று படிப்பவர், "மூன்றில் இரண்டு பங்கு முடிந்தது, மீதி ஒரு பங்குதானே" என்று நினைத்துக்கொள்வார். பொய் சொல்லாமலே தவறான எண்ணத்தை விதைக்கும் வரி அது. அதை எடுத்துவிடுங்கள், அல்லது "பில் மதிப்பில்" என்ற சொல்லையாவது சேருங்கள்.

அதற்குப் பதிலாகத் தேதிகளை வையுங்கள். ஒவ்வொரு முக்கியக் கட்டத்துக்கும் முன்பு சொன்ன தேதி எது, இன்று நீங்கள் நம்பும் தேதி எது. இந்த இரண்டும் அருகருகே இருந்தால் "சிறு தாமதம்" என்ற சொல்லுக்கே இடமில்லை. 28 நாள் சிறிதா பெரிதா என்பதைப் படிப்பவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

கூரை தாமதமானதால் கட்டுமானப் பணி முடியும் தேதி எங்கே போய் நிற்கிறது என்று கணக்குப் போட்டீர்களா?

---

செங்கல்சூளை | பிப்ரவரி 2, காலை 8.15

கணக்கெல்லாம் எதற்கு? கூரை போட்ட 7 நாளில் சென்டரிங்கைப் பிரித்துச் சுவர் வேலையைத் தொடங்கியிருந்தால் பாதித் தாமதம் அப்போதே சரியாகியிருக்கும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456-இலேயே 7 நாள் என்றுதான் இருக்கிறது.

---

தளப்பொறியாளன் | பிப்ரவரி 2, காலை 8.50

அந்த 7 நாள் 4.5 மீட்டர் வரை இடைவெளி உள்ள தளத்தின் முட்டுகளுக்கு. அதற்கு மேல் என்றால் 14 நாள். உத்திரத்துக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதைத் தாண்டினால் 21 நாள். எங்கள் மூன்றாம் தளத்தில் படிப்புக் கூடத்தின் மேல் 6.5 மீட்டர் உத்திரங்கள் இருக்கின்றன. ஆகவே ஜனவரி 30 அன்றுதான் முட்டுகளை எடுத்தோம். ஓரத்து அறைகளில் மட்டும் முன்பே எடுத்துச் சுவர் தொடங்கிவிட்டோம்.

---

செங்கல்சூளை | பிப்ரவரி 2, காலை 9.05

சரி, 6.5 மீட்டர் என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நாட்கணக்கு சாதாரண சிமெண்டுக்குச் சொன்னது. நீங்கள் சாம்பல் கலந்த பி.பி.சி. பயன்படுத்தியிருந்தால் 21 நாளே போதுமா என்று கேட்க வேண்டியிருக்கும். கனசதுர மாதிரிகளின் சோதனை முடிவைப் பார்த்தீர்களா?

---

தளப்பொறியாளன் | பிப்ரவரி 2, காலை 9.20

பி.பி.சி.தான். கட்டமைப்புப் பொறியாளர் சோதனை முடிவைப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே முட்டுகளை எடுத்தோம்.

காவிரிக்கரை அம்மா கேட்டதற்கு: கட்டுமானமும் பூச்சும் ஓடும் வண்ணமும் மே 10 அன்று முடிய வேண்டும் என்பது பழைய திட்டம். இப்படியே போனால் ஜூன் 7. பிப்ரவரி கடைசியிலிருந்து இரண்டாவது பூச்சுக் குழுவைக் கொண்டுவந்தால் 14 நாள் மீட்கலாம். அப்போது மே 24. குழுவுக்கு மேலாளர் ஒப்புக்கொண்டுவிட்டார்.

மின்மாற்றி கதை தனி. விடுதியின் சுமை தாழ்வழுத்த வரம்பைத் தாண்டுவதால் உயரழுத்த இணைப்புதான் வாங்க வேண்டும். ஆணை கொடுத்த நாளிலிருந்து 12 வாரம் என்கிறார் விற்பனையாளர். வந்தபின் நிறுவுவது, சோதனை, மின் ஆய்வாளர் அனுமதி, மின்வாரிய இணைப்பு எல்லாம் சேர்ந்து நான்கு வாரம் என்று வைத்திருக்கிறோம்.

---

காவிரிக்கரை | பிப்ரவரி 2, பிற்பகல் 1.10

இப்போது தெரிகிறதா? எல்லோரும் கூரையையும் மழையையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கூரைத் தாமதத்தை மீட்டால் மே 24. அதன் பிறகும் மே 31-க்கு ஒரு வாரம் இருக்கிறது. ஒப்படைப்பைத் தள்ளப்போவது மின்மாற்றி. பிப்ரவரி 10 அன்று ஆணை போனாலும் மே 5 அன்று தளத்துக்கு வரும், ஜூன் 2 அன்று மின்சாரம். மே 31 ஏற்கெனவே தவறிவிட்டது. பிப்ரவரி 23 அன்று ஆணை போனால் மின்சாரம் வருவதும் மாணவியர் வருவதும் ஒரே நாள். அதற்குப் பிறகு போனால் விடுதி இருட்டில் திறக்கும்.

உங்கள் வரைவிலோ இதற்கு "மின் இணைப்புக்கான முயற்சிகள் நடைபெறுகின்றன" என்று ஒரே வரி. நடந்து முடிந்த தாமதத்துக்கு இரண்டு வாக்கியம் கொடுத்துவிட்டு, வரப்போகும் ஆபத்துக்கு ஒரு வினைச்சொல் கொடுத்திருக்கிறீர்கள். மங்கலான அறிக்கைகளில் இதுதான் வழக்கம். தெரிந்துவிட்ட தாமதத்தை மறைக்க முடியாது என்பதால் அதற்குச் சமாதானம் எழுதுகிறோம். இன்னும் வராததை யாரும் கேட்கவில்லை என்பதால் நழுவவிடுகிறோம்.

---

குறிமுறைக்காரி | பிப்ரவரி 2, மாலை 5.45

நான் மென்பொருள் துறையில் இருப்பவள். உங்கள் 68%-ஐப் படித்ததும் எங்கள் அலுவலகம் நினைவுக்கு வந்தது. ஒரு மருத்துவமனைக்கான பில்லிங் மென்பொருள் மாதக்கணக்கில் 90% முடிந்த நிலையிலேயே இருந்தது. எங்கள் அறிக்கையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போடுவோம். எல்லாமே வெளியீட்டுக்கு முந்தைய வாரம் வரை மஞ்சள். சிவப்புப் போட்டால் மேலிடத்துக் கூட்டத்துக்குப் போக வேண்டும் என்பதால் யாரும் போடமாட்டார்கள். உங்கள் துறையில் நிறம் போடும் வழக்கம் உண்டா?

---

காவிரிக்கரை | பிப்ரவரி 2, மாலை 6.20

உண்டு. நிறத்தை எழுதுபவரின் மனநிலைக்கு விட்டால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும். எத்தனை நாள் தாமதம் என்றால் சிவப்பு என்று முன்கூட்டியே எண்ணில் ஒப்புக்கொண்டால்தான் அது எதையாவது சொல்லும். இவருடைய அறிக்கைக்கு அதெல்லாம் தேவையில்லை. மூன்று தேதி போதும்.

---

கணக்குச்செயலர் | பிப்ரவரி 2, இரவு 8.30

நான் எதிர்ப்பக்கத்து ஆள். வேறொரு ஊரில் ஒரு பள்ளி அறக்கட்டளையின் செயலர். இப்படிப்பட்ட அறிக்கைகள் எனக்கு மாதாமாதம் வருகின்றன. "விரைவில்", "முயற்சிகள் மேற்கொள்ளப்படும்" என்று படித்ததும் நான் செய்யும் முதல் வேலை, கட்டடத்துக் காவலாளியைத் தொலைபேசியில் அழைத்து "இன்றைக்கு எத்தனை ஆட்கள் வந்தார்கள்?" என்று கேட்பது. உங்கள் அறிக்கையைவிட அவர் பதில் எனக்குப் பயன்படுகிறது.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். சேர்க்கை அறிவிப்பில் "ஜூன் 15 முதல் விடுதி வசதி உண்டு" என்று அச்சிடலாமா, கூடாதா? பெற்றோரிடம் விடுதிக் கட்டணம் வாங்கிவிட்டு மே மாதக் கடைசியில் வாடகை வீடு தேடுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். முதல் பத்தியிலேயே அதற்குப் பதில் இருக்கட்டும்.

இன்னொன்று. எங்களிடம் முடிவு வேண்டும் என்றால் நேராகக் கேளுங்கள். எங்கள் செயற்குழு மாதம் ஒருமுறைதான் கூடும். பிப்ரவரி 10-க்குள் வேண்டும் என்றால், குழு கூடாமலே சுற்றறிக்கை வழியாக ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கும். அதற்கு ஒரு வாரமாவது தேவை. அறிக்கையின் ஆறாம் பக்கத்தில் ஒளித்து வைத்தால் நான் பார்க்கும்போது பிப்ரவரி முடிந்திருக்கும்.

"நீங்கள் தாமதித்ததால்" என்று எழுதிவிட்டால் குழுவில் சிலருக்குக் கோபம் வரும், பிறகு மின்மாற்றியைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். இதையும் மனதில் வையுங்கள்.

---

ஒப்பந்தப்பித்தன் | பிப்ரவரி 2, இரவு 10.40

மேலாளர் சொன்னதை யாரும் தொடவில்லையே. அவர் பயம் வெறும் பயம் அல்ல. பின்னாளில் வழக்கு என்று வந்தால் நடுவர் முதலில் கேட்பது மாத அறிக்கைகளைத்தான். ஆனால் அவர் எடுத்த முடிவு தலைகீழ்.

மூன்று மாதம் "மழையால் சிறு தாமதம்" என்று எழுதிவிட்டு, ஜூனில் தண்டத்தொகை பிடிக்கும்போது "மின்மாற்றிக்கு ஒப்புதல் வரவில்லை" என்று சொன்னால், "அப்படியானால் ஜனவரி அறிக்கையில் ஏன் எழுதவில்லை?" என்பார்கள். மங்கலான அறிக்கை உங்களைக் காப்பாற்றாது. உங்கள் நியாயமான கோரிக்கையைத்தான் கெடுக்கும். பல ஒப்பந்தங்களில் இத்தனை நாளுக்குள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று இருக்கும். ஃபிடிக் என்ற சர்வதேச மாதிரி ஒப்பந்தங்களில் 28 நாள். உங்களுடையதில் எத்தனை என்று இன்றே பாருங்கள். மணல்மேடு ஐயா சொன்ன கடிதம் அந்த வகையில் தேவைதான். ஆனால் 28 நாளுக்கும் மழையைக் காரணம் காட்டினால் உண்மையான 11 நாளும் போய்விடும்.

தண்டத்தொகை பற்றி: 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் குறித்த தொகை உச்சவரம்பு, அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். ஆகவே "எழுதினால் மொத்தத் தொகையும் போய்விடும்" என்று உங்கள் மேலாளர் உறக்கம் கெட வேண்டாம். அதேசமயம் "எங்கள் தவறு", "எங்கள் அலட்சியம்" என்றெல்லாம் எழுதத் தேவையில்லை. நடந்ததையும் தேதியையும் எழுதுங்கள். "சென்டரிங் ஆட்கள் திட்டமிட்டதைவிடக் குறைவாக இருந்தனர்" என்பது உண்மை. யார் எங்கே அனுப்பினார்கள் என்பது அறக்கட்டளைக்குத் தேவையில்லாத உள்வீட்டுச் செய்தி.

வேலைக்கு வந்த தடைகளைத் தேதியோடு குறிக்கும் தடைப் பதிவேடு வைத்திருக்கிறீர்களா? நவம்பர் 20 அதில் ஏறியிருக்கிறதா?

---

காவிரிக்கரை | பிப்ரவரி 3, காலை 7.00

அது உள்வீட்டுச் செய்தி என்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆட்கள் ஏன் குறைந்தார்கள் என்று தெரியாவிட்டால், மறுபடியும் குறையமாட்டார்கள் என்று அறக்கட்டளை எப்படி நம்பும்? இரண்டாவது பூச்சுக் குழுவையும் நாளைக்கு வேறு தளத்துக்கு அனுப்பிவிட்டால்? காரணத்தை எழுதாவிட்டாலும், திரும்ப நடக்காது என்ற உறுதியாவது இருக்க வேண்டும்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன். வேண்டிய அளவு மாற்றிக்கொள்ளுங்கள்:

> இன்றைய கணிப்பின்படி, விடுதியை மே 31 அன்று மின்சாரத்துடன் ஒப்படைக்க இயலாது. கீழே கேட்டுள்ள ஒப்புதல் பிப்ரவரி 10-க்குள் கிடைத்தால் ஜூன் 2 அன்று ஒப்படைக்கலாம். மாணவியர் வரும் ஜூன் 15-க்கு முன் 13 நாள் கையில் இருக்கும்.
>
> தங்களிடம் வேண்டுவது: நவம்பர் 20 அன்று அனுப்பிய மின்மாற்றி விலைப்புள்ளியில் எந்தத் தயாரிப்பு என்ற முடிவு. ஆணை கொடுத்தபின் மின்மாற்றி வர 12 வாரமும், நிறுவி அனுமதி பெற்று இணைப்பு வாங்க 4 வாரமும் ஆகும். முடிவு தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் ஒப்படைப்பு ஒரு நாள் தள்ளும். பிப்ரவரி 23-க்குப் பிறகு என்றால் ஜூன் 15 அன்று நிரந்தர மின் இணைப்பு இருக்காது. அந்த 4 வாரம் எங்கள் மதிப்பீடு. அனுமதி எங்கள் கையில் இல்லாததால் அது நீளவும் கூடும்.
>
> மூன்றாம் தளக் கூரை: திட்டம் டிசம்பர் 12, போட்டது ஜனவரி 9. இந்த 28 நாளில் 11 நாள் மழை. 17 நாள் சென்டரிங் ஆட்கள் பற்றாக்குறை. இதனால் மே 10 அன்று முடிய வேண்டிய கட்டுமான, பூச்சு, வண்ணப் பணிகள் ஜூன் 7 வரை போகும் நிலை. பிப்ரவரி இறுதியிலிருந்து இரண்டாவது பூச்சுக் குழுவை எங்கள் செலவில் நிறுத்துகிறோம். பணி முடியும்வரை அக்குழு இத்தளத்திலேயே இருக்கும். அதன்மூலம் மே 24 என்று எதிர்பார்க்கிறோம். மார்ச் 31-க்குள் இரண்டாம் தளப் பூச்சு முழுவதும் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை என்றால் மே 24 நடக்காது என்று அப்போதே தெரிவிப்போம்.

அந்த மார்ச் 31 வரியை வெட்டிவிடாதீர்கள். மீட்புத் திட்டம் என்று எழுதுபவர்கள் பலரும், அது தோற்கிறது என்பதை எப்போது, எதை வைத்துத் தெரிந்துகொள்வது என்று எழுதுவதே இல்லை. இங்கே செயலர் தளத்துக்கு வந்து படியேறிப் பார்த்தாலே போதும்.

"தங்கள் ஒப்புதல் தாமதம்" என்ற சொல் எங்குமில்லை, கவனித்தீர்களா? நவம்பர் 20 என்ற தேதி அங்கே இருக்கிறது. படிப்பவர் கூட்டிக்கொள்வார்.

---

கணக்குச்செயலர் | பிப்ரவரி 3, காலை 9.15

இதைப் படித்தால் காவலாளியை அழைக்கமாட்டேன் அம்மா. ஒரு கேள்வி மட்டும்: ஒப்புதல் தவறிப்போனால் மாற்று என்ன? ஜெனரேட்டரில் ஒரு மாதம் ஓட்ட முடியுமா? குழுவில் யாராவது நிச்சயம் கேட்பார்கள்.

---

செங்கல்சூளை | பிப்ரவரி 3, காலை 9.40

ஓட்டலாம், டீசல் பில்லைப் பார்த்து மயங்கி விழாமல் இருந்தால். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், விளக்கு, மின்விசிறி வரை சரி. வெந்நீர்க் கருவிகளை ஒரே நேரத்தில் போட்டால் தாங்காது. கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பிலேயே விடுதியை ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது கட்டுமானத்துக்குக் கொடுத்த இணைப்பு.

---

தளப்பொறியாளன் | பிப்ரவரி 4, இரவு 8.00

எல்லோருக்கும் நன்றி. அறிக்கை இன்று போனது. முதல் இரண்டு பத்திகளும் அப்படியே போயின. ஜெனரேட்டருக்கு மாதச் செலவு எவ்வளவு ஆகும் என்று ஒரு வரி சேர்த்தோம். மார்ச் 31 வரியும் தப்பியது. மேலாளர் மாற்றியது ஒரே இடம்: "11 நாள் மழை, 17 நாள் சென்டரிங் ஆட்கள் பற்றாக்குறை" என்பதை "மழையும் ஆட்கள் பற்றாக்குறையும்" என்று சேர்த்துவிட்டார். எண்களைப் பிரித்துச் சொல்ல வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தார்.

அறக்கட்டளைச் செயலர் மாலையே அழைத்தார். விலைப்புள்ளி குழுவின் கோப்பிலேயே இல்லையாம். மறுபடி அனுப்பச் சொன்னார். நவம்பரில் அதை நேரில் கொடுத்தோம், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கவில்லை. தடைப் பதிவேட்டிலும் இல்லை.

---

ஒப்பந்தப்பித்தன் | பிப்ரவரி 4, இரவு 8.35

அப்படியானால் மின்மாற்றியைப் பொறுத்தவரை உங்கள் கணக்கு இன்றுதான் தொடங்குகிறது என்று அவர்கள் சொல்லக்கூடும். விலைப்புள்ளியை மின்னஞ்சலில் அனுப்பி, "நவம்பர் 20 அன்று நேரில் அளித்ததன் மறுபிரதி" என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். விலை இன்னும் செல்லுபடியாகிறதா என்று விற்பனையாளரிடம் கேட்டபிறகு அனுப்புங்கள். நவம்பர் விலை பிப்ரவரியில் நிற்காது. பதிவேட்டில் இன்றைய தேதியில் ஏற்றி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். பின்தேதியிட்டு எழுதாதீர்கள்.

17 நாளைச் சேர்த்து எழுதியதில் எனக்கு வருத்தம்தான். மழை நாட்களுக்கு நீட்டிப்புக் கேட்கும்போது அந்த 11-ஐத் தனியாகக் காட்டித்தான் ஆக வேண்டும். அப்போது மீதி எங்கே என்று அவர்கள் கழித்துப் பார்ப்பார்கள்.

---

காவிரிக்கரை | பிப்ரவரி 4, இரவு 9.10

பிப்ரவரி அறிக்கையில் கேளுங்கள், மேலாளர் அப்போது விடுவாரா என்று பார்ப்போம். அதற்கு முன், விற்பனையாளரின் 12 வாரம் நவம்பரில் சொன்னதா, இப்போது சொன்னதா?

---

தளப்பொறியாளன் | பிப்ரவரி 4, இரவு 9.25

நவம்பரில் சொன்னது. காலையில் முதல் வேலையாக அழைக்கிறேன்.